இருபதுக்கும் இருபத்து நான்குக்கும் நடுவே

எஃப்.எம். ஸ்டீரியோ வானொலியில் வரும் பாட்டை ஒருவர் டிஜிட்டல் ரெக்கார்டரில் பதிவு செய்கிறார். போட்டுக் கேட்டால் பாட்டுக்கு அடியில் மெல்லிய விசில் ஒன்று ஓயாமல் ஓடுகிறது. ஸ்பெக்ட்ரம் காட்டும் மென்பொருளில் பார்த்தால் 6.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு கூரிய கோடு. வானொலியை நேராக ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டாலோ அந்த விசிலே இல்லை. பாடகரும் பாடவில்லை, நிலையமும் ஒலிபரப்பவில்லை.

அது பதிவுக்கருவி உண்டாக்கிய ஒலி. ஸ்டீரியோ ஒலிபரப்பில் இடது, வலது பக்கங்களின் வேறுபாடு 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலை ஒன்றின் மேல் ஏறி வருகிறது. வானொலிப் பெட்டி இரண்டையும் பிரித்தெடுத்த பிறகும் அந்த 38 கொஞ்சம் வெளியே கசியும். மனிதக் காது சுமார் 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதால் ஸ்பீக்கரில் கேட்பவருக்கு அது தெரியாது. ஆனால் ரெக்கார்டர் விநாடிக்கு 44,100 முறை மின்னழுத்தத்தை அளந்து எண்ணாக்குகிறது. 44.1-லிருந்து 38 போனால் மீதி 6.1. கேட்காத ஒலி, கேட்கும் இடத்துக்கு இறங்கி வந்துவிட்டது.

இது ஏன் நடக்கிறது என்பதை ஒரு எண்ணை வைத்துப் பார்க்கலாம். 43,100 ஹெர்ட்ஸ் அலை ஒன்றை விநாடிக்கு 44,100 முறை அளப்பதாகக் கொள்வோம். ஓர் அளவீட்டுக்கும் அடுத்த அளவீட்டுக்கும் நடுவே அலை ஏறத்தாழ ஒரு முழுச் சுற்றைச் சுற்றிவிடுகிறது. முழுச் சுற்றுக்கு நாற்பத்து நான்கில் ஒரு பங்குதான் குறைவு. அதனால் ஒவ்வோர் அளவீடும் அலையின் மேல் சற்றே பின்தங்கிய இடத்தில் விழுகிறது. இந்தப் பின்தங்கல் விநாடியில் சரியாக 1,000 சுற்றுகளாகச் சேர்கிறது. எண்களை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு அது 1,000 ஹெர்ட்ஸ் அலைதான். உண்மையான 1,000 ஹெர்ட்ஸ் அலை தரும் எண்களுக்கும் இதற்கும் துளி வேறுபாடு கிடையாது.

வேறுபாடே இல்லை என்பதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. எண்ணாக மாறிய பிறகு எந்த மென்பொருளாலும் இந்தப் போலி அதிர்வெண்ணைப் பொதுவாகப் பிரித்தெடுக்க முடியாது. எஃப்.எம். விசில்போல் ஒரே இடத்தில் நிற்பதை மட்டும் வெட்டிவிடலாம், அங்கே இருந்த பாட்டையும் சேர்த்து. சிம்பலின் மேல்சுரங்கள் மடங்கி வந்து இசைக்குள் சிதறிவிட்டாலோ கதை முடிந்தது. ஆகவே வேண்டாத உயர் அதிர்வெண்களை அளக்கும் முன்பே, அவை மின்னழுத்தமாக இருக்கும்போதே தடுத்தாக வேண்டும். எண்ணாக்கும் சிப்புக்கு முன்னால் உட்காரும் அந்தத் தடுப்புதான் ஆன்டி-அலையசிங் வடிகட்டி.

வடிவமைப்பவருக்கு இரண்டு முடிவுகள் உண்டு: விநாடிக்கு எத்தனை முறை அளப்பது, வடிகட்டி எவ்வளவு செங்குத்தாகச் சரிய வேண்டும். தனித்தனியாகத் தெரியும் இவை உண்மையில் ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள். ஒன்றில் மிச்சம் பிடித்தால் மற்றதில் செலவாகும். இதை மிகக் கூர்மையாகக் காட்டும் வரலாற்று உதாரணம் சிடி.

சிடியின் 44,100 என்ற எண்ணைக் காது மட்டும் தீர்மானிக்கவில்லை. 20 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவாக வேண்டுமானால் விநாடிக்கு 40,000 முறைக்கு மேல் அளக்க வேண்டும் என்பது ஹாரி நைக்விஸ்ட், கிளாட் ஷானன் காலத்திலிருந்தே தெரிந்த கணக்கு. அதற்கு மேல் எவ்வளவு என்பதைத் தீர்மானித்தது வீடியோ டேப். 1970-களின் இறுதியில் டிஜிட்டல் ஒலியை அள்ளிக் கொள்ளும் அளவுக்குக் கொள்ளளவு வீடியோ ரெக்கார்டர்களுக்கே இருந்தது. எனவே ஒலியின் எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கித் தொலைக்காட்சிப் படம்போல நாடாவில் எழுதினார்கள். ஒரு கோட்டுக்கு மூன்று அளவீடுகள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் பயன்படுத்தக்கூடிய கோடுகள் 245, விநாடிக்கு 60 புலங்கள்: மூன்றையும் பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 294 கோடுகள், 50 புலங்கள், அதே மூன்று: மறுபடியும் 44,100. இரண்டு உலகத்துக்கும் பொருந்திய அந்த எண், சோனியும் பிலிப்ஸும் 1980-ல் வகுத்த சிடி தரத்தில் நிலைபெற்றது. 1982 அக்டோபரில் ஜப்பானில் முதல் பிளேயர் விற்பனைக்கு வந்தது.

இனி வடிகட்டி. முதல் கேள்வி, அது எங்கிருந்து எங்கே சரிய வேண்டும் என்பது. 20 கிலோஹெர்ட்ஸ் வரை இசை சேதமில்லாமல் போக வேண்டும், சரி. முழுத் தடுப்பு எங்கே தொடங்க வேண்டும்? பாதி வேகமான 22.05-ல் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அது தேவைக்கு மீறிய கண்டிப்பு. 22.05-க்கும் 24.1-க்கும் நடுவே இருப்பது மடங்கினால் 20-க்கும் 22.05-க்கும் நடுவேதான் விழும். அங்கே கேட்பவர் யாரும் இல்லை. கேட்கும் பகுதிக்குள் மடங்கி விழக்கூடிய மிகத் தாழ்ந்த அதிர்வெண் 44.1-லிருந்து 20 கழித்த 24.1 தான். அளக்கும் வேகத்திலிருந்து வேண்டிய பட்டையின் மேல் எல்லையைக் கழித்தால் கிடைக்கும் இந்த இடத்தில்தான் முழுத் தடுப்பும் இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி, எவ்வளவு தடுப்பு. 16 பிட் எண்ணாக்கத்தின் இரைச்சல் தளம் உச்ச ஒலிக்குச் சுமார் 98 டெசிபெல் கீழே இருக்கிறது. போலி அதிர்வெண்கள் அதற்குக் கீழே புதைந்துவிட்டால் கவலையில்லை. அதற்காக வடிகட்டி 98 டெசிபெல் தடுக்க வேண்டும் என்பதில்லை. 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இசை ஒருபோதும் உச்ச அளவில் ஒலிப்பதில்லை. அங்கே வருவது உச்சத்துக்குக் குறைந்தது 20 டெசிபெல் கீழே என்று எடுத்துக்கொண்டால் 80 டெசிபெல் தடுப்பு போதும். இந்தக் கழிவு ஒரு மதிப்பீடு. பதிவாகப் போகும் ஒலியைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டியது.

ஆக, 20-ல் திறந்திருக்கும் கதவு 24.1-ல் 80 டெசிபெல்லுக்கு, அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு மின்னழுத்தம் மட்டுமே கசியும்படி, மூடியிருக்க வேண்டும். இசை தெரிந்தவர்களுக்குச் சொல்வதானால், இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் சட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள தூரத்தைவிடச் சற்றுதான் அதிகம்.

வடிகட்டியின் செங்குத்தை ஆர்டர் என்ற எண்ணால் சொல்வார்கள். ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும் சேர்ந்தால் முதல் ஆர்டர். எல்லையைத் தாண்டியபின் அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் அது 6 டெசிபெல் தடுக்கும். இரண்டாம் ஆர்டர் 12, மூன்றாம் ஆர்டர் 18 என்று கூடிக்கொண்டே போகும். சீராகச் சரியும் பட்டர்வொர்த் வகைக்கு ஆர்டரைக் கண்டுபிடிக்க ஒரு வரி போதும்:

```
n = A / (20 × log10(f2 / f1))
```

இதில் A வேண்டிய தடுப்பு டெசிபெல்லில், f1 வடிகட்டியின் எல்லை, f2 முழுத் தடுப்பு வேண்டிய இடம். விடை பின்னமாக வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். சிடிக்குப் போட்டால் f2 / f1 என்பது 1.205. ஓர் ஆர்டருக்குக் கிடைப்பது 1.62 டெசிபெல்தான். 80 டெசிபெல்லுக்கு வேண்டியது ஐம்பதாம் ஆர்டர். 22.05-லேயே முழுத் தடுப்பு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் 95 ஆகியிருக்கும்.

ஒரு ஆப்-ஆம்பைச் சுற்றி அமைக்கும் கட்டம் இரண்டு ஆர்டர் தரும். ஐம்பதுக்கு 25 கட்டங்கள், ஸ்டீரியோவுக்கு 50. யாரும் அப்படிக் கட்டப்போவதில்லை. அக்காலப் பொறியாளர்கள் எலிப்டிக் என்ற வேறு வகைக்குப் போனார்கள். கடந்துபோகும் பகுதியில் மிகச் சிறிய ஏற்ற இறக்கத்தையும், தடுக்கும் பகுதியில் 80 டெசிபெல்லைத் தாண்டாத சிறு கசிவுகளையும் பொறுத்துக்கொண்டால், எலிப்டிக் வடிகட்டி இந்த வேலையை ஒன்பதாம் ஆர்டரில் முடித்துவிடும். இசையில் அரை டெசிபெல் ஏற்ற இறக்கம் அனுமதித்தால் வரும் விடை இது. ஏற்ற இறக்கத்தைப் பத்தில் ஒரு டெசிபெல்லுக்குச் சுருக்கி, தடுப்பை 96 ஆக்கினால் பதினொன்று.

ஒன்பது என்பது கட்டக்கூடிய எண்தான். ஆனால் விலை உண்டு. இத்தனை செங்குத்தான வடிகட்டியின் சில கட்டங்கள் எல்லைக்கு அருகே கூர்மையாக ஒத்ததிர வேண்டும். அவற்றின் கெபாசிட்டர் குறித்த மதிப்பிலிருந்து சிறிது விலகினாலும் 20 கிலோஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழே மேடு பள்ளம் எழும். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் அந்த விலகல் வேறு வேறாக இருக்கும். இன்னொரு பக்கம், எல்லையை நெருங்கும் அதிர்வெண்கள் வடிகட்டிக்குள் மற்றவற்றைவிட அதிக நேரம் தங்கி வெளிவருகின்றன. ஆரம்பகால டிஜிட்டல் பதிவுகள்மீது எழுந்த குறைகளில் இந்த வடிகட்டிகளுக்கு எவ்வளவு பங்கு என்பது நெடுநாள் விவாதமாக இருந்தது. அந்த விவாதம் எப்படி இருந்தாலும், கைநிறையத் துல்லியமான உதிரிபாகங்களை வைத்துத் தொழிற்சாலையில் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டிய சுற்று அது என்பதில் ஐயமில்லை.

இதிலிருந்து வெளிவந்த வழி அழகானது: வடிகட்டியைச் சீர்செய்வதை விட்டுவிட்டு வேகத்தைக் கூட்டுவது. விநாடிக்கு 44,100 முறைக்குப் பதில் நான்கு மடங்கு, 1,76,400 முறை அளந்தால் என்ன ஆகும்? கேட்கும் பகுதிக்குள் மடங்கக்கூடிய முதல் அதிர்வெண் 24.1-லிருந்து 156.4 கிலோஹெர்ட்ஸுக்கு ஓடிவிடுகிறது. இப்போது ஐந்தாம் ஆர்டர் பட்டர்வொர்த் 80 டெசிபெல் தந்துவிடும். ஆனால் பட்டர்வொர்த் தன் எல்லையில் 3 டெசிபெல் இழக்கும் இயல்புடையது. அதைத் தவிர்க்க எல்லையை 30 கிலோஹெர்ட்ஸுக்குத் தள்ளி ஆறாம் ஆர்டர் வைத்தால் 156.4-ல் 86 டெசிபெல் தடுப்பு கிடைக்கிறது, 20 கிலோஹெர்ட்ஸில் இழப்பு 0.03 டெசிபெல் மட்டுமே. ஐம்பது எங்கே, ஆறு எங்கே!

செங்குத்தான வெட்டு மறைந்துவிடவில்லை. அது எண்களின் உலகத்துக்கு இடம் மாறியிருக்கிறது. 1,76,400 எண்களை மறுபடி 44,100 ஆகக் குறைக்கும் முன்பு 20-க்கும் 24.1-க்கும் நடுவே டிஜிட்டல் வடிகட்டி ஒன்று அதே வேலையைச் செய்கிறது. அங்கே கெபாசிட்டர் இல்லை, வெயிலில் மதிப்பு மாறுவதில்லை, இடதும் வலதும் எப்போதும் ஒன்றுபோல் இருக்கும். எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அளவு தாமதிக்கும்படியும் அதை அமைக்கலாம். ஒலியைத் திரும்ப எழுப்பும் பக்கத்தில் இதே உத்தியைப் பிலிப்ஸ் தன் முதல் சிடி பிளேயரிலேயே பயன்படுத்தியது. நான்கு மடங்கு வேகத்தில் 14 பிட் மாற்றியை ஓட்டி, பின்னால் எளிய வடிகட்டி ஒன்றோடு நிறுத்திக்கொண்டது. இன்றைய ஒலிச் சிப்புகள் பல மெகாஹெர்ட்ஸில் அளந்துவிட்டு உள்ளேயே வடிகட்டிக் குறைக்கின்றன. அவற்றின் தகவல் தாள்கள் பலவற்றில், கடக்கும் எல்லை அளக்கும் வேகத்தின் 0.454 பங்கு என்றும், தடுப்பு தொடங்குவது 0.546 பங்கில் என்றும் இருக்கும். 44.1-ஆல் பெருக்கினால் 20-ம் 24.1-ம் வருகின்றன.

இதே கணக்கைச் சிறிய வேலை ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். ஒரு மைக்ரோகன்ட்ரோலரில் உள்ள 10 பிட் எண்ணாக்கியை வைத்துப் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். தொலைபேசித் தரம் போதும், அதாவது 3.4 கிலோஹெர்ட்ஸ் வரை. 10 பிட்டுக்கு ஏற்றபடி 60 டெசிபெல் தடுப்பு. பேச்சில் மேலே ஒன்றும் இருக்காது என்று இங்கே தள்ளுபடி கேட்க முடியாது. ‘ஸ்’ ஒலியின் பலம் பெரும்பாலும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல்தான் இருக்கிறது. வடிகட்டாமல் 8 கிலோஹெர்ட்ஸில் அளந்தால் 6 கிலோஹெர்ட்ஸில் சீறும் ‘ஸ்’ 2 கிலோஹெர்ட்ஸில் கரகரப்பாக வந்து விழும். ‘பஸ்’ என்று சொல்லும் இடத்தில் மட்டும் பதிவு கெடுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தொலைபேசியைப் பின்பற்றி 8 கிலோஹெர்ட்ஸிலேயே அளந்தால் முழுத் தடுப்பு 4.6-ல் வேண்டும். பட்டர்வொர்த் கணக்கில் 23-ஆம் ஆர்டர். வேகத்தை 16 ஆக்கினால் ஆர்டர் 6-க்கு விழுகிறது. 32 ஆக்கினால் 4. 48 ஆக்கினால் 3. முதல் இரட்டிப்பில் 17 ஆர்டர் மிச்சம், அடுத்த இரட்டிப்பில் 2 மட்டுமே. இரண்டாம் ஆர்டருக்கு இறங்க வேண்டுமானால் வேகம் நூறைத் தாண்ட வேண்டும். வேகம் கூடக் கூட நினைவகமும் மின்கலமும் செயலியின் நேரமும் கரையும் என்பதால், எங்கே நிறுத்துவது என்பதை இந்த வரிசையே சொல்லிவிடுகிறது. இங்கே 32 சரியான இடம். நான்காம் ஆர்டர் என்றால் இரண்டு கட்டங்கள், இரண்டு ஆப்-ஆம்புகள் அடங்கிய ஒரே எட்டுக்கால் சிப்பில் முடிந்துவிடும்.

இத்தோடு நிறுத்தாமல் ஒரு படி மேலே போகலாம். 3.4-ல் எல்லை வைத்த நான்காம் ஆர்டர் வடிகட்டி 28.6 கிலோஹெர்ட்ஸில் 74 டெசிபெல் தடுக்கிறது. கேட்டது 60. உபரியான 14 டெசிபெல்லை வீணாக்காமல் எல்லையை 5 கிலோஹெர்ட்ஸுக்கு நகர்த்தினால் 28.6-ல் தடுப்பு 60.6 ஆகிறது. 3.4-ல் 3 டெசிபெல்லாக இருந்த இழப்பு 0.2-க்குச் சுருங்கிவிடுகிறது. உதிரிபாகம் ஒன்றுகூடக் கூடவில்லை. முழு எண்ணுக்கு ஏற்றும்போது கிடைக்கும் இந்த உபரியைப் பேச்சின் தெளிவுக்குத் திருப்பிவிடுவது நல்ல வடிவமைப்பு. உதிரிபாகங்களின் மதிப்பு விலகும் என்பதால் கொஞ்சம் கைவசம் வைக்க விரும்புபவர் 4.5-ல் நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்து வருவது பலர் சறுக்கும் இடம். 32 கிலோஹெர்ட்ஸில் அளந்த எண்களை 8 கிலோஹெர்ட்ஸாகக் குறைத்துச் சேமிக்க வேண்டியிருக்கும். நான்கில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றை எறிந்துவிட்டால், எறிந்த கணமே அது 8 கிலோஹெர்ட்ஸில் அளந்தது போலாகிவிடும். 6 கிலோஹெர்ட்ஸ் ‘ஸ்’ மறுபடியும் 2-க்கு வந்துவிடும், ஏனென்றால் 5-ல் எல்லை வைத்த முன் வடிகட்டி அதை ஆறேழு டெசிபெல்தான் குறைத்திருக்கும். எறிவதற்கு முன் 3.4-க்கு மேல் சரிந்து 4.6-ல் 60 டெசிபெல் தடுக்கும் டிஜிட்டல் வடிகட்டியை ஓட்டியாக வேண்டும். வேகத்தைக் கூட்டியதன் பலன் அந்த வடிகட்டி இருந்தால்தான் கைக்கு வரும்.

கட்டி முடித்ததைச் சோதிக்க ஒரு சைன் அலை ஜெனரேட்டர் போதும். 32 கிலோஹெர்ட்ஸ் எண்களை அப்படியே பதிவு செய்துகொண்டு, உள்ளே 1 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி மெதுவாக உயர்த்த வேண்டும். ஸ்பெக்ட்ரத்தில் கோடு வலப்பக்கம் நகரும். 16-ஐத் தாண்டியதும் உள்ளே அதிர்வெண் ஏற ஏறக் கோடு இடப்பக்கம் திரும்பி வரும். அப்படித் திரும்பும் கோடுதான் போலி. ஜெனரேட்டரை 29-ல் நிறுத்தினால் அது 3 கிலோஹெர்ட்ஸில் நிற்கும். அதே அளவு மின்னழுத்தத்தில் நேரான 3 கிலோஹெர்ட்ஸ் கொடுத்தபோது கிடைத்த உயரத்தைவிட அது 60 டெசிபெல் தாழ்ந்திருந்தால் வடிகட்டி சரி. 40 டெசிபெல்தான் தாழ்ந்திருக்கிறது என்றால் முதலில் கெபாசிட்டர்களின் மதிப்பைப் பாருங்கள், பிறகு வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு சிப்புக்குப் போகும் வழி ஏதும் வயரிங்கில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெனரேட்டரையே கழற்றிய பிறகும் ஒரு கோடு அசையாமல் நின்றால், அது அருகில் உள்ள சார்ஜரிலிருந்தோ எல்.இ.டி. விளக்கின் டிரைவரிலிருந்தோ வருவதாக இருக்கலாம். அவை பல பத்து கிலோஹெர்ட்ஸில் துடிப்பவை. விளக்கை அணைத்ததும் கோடு மறைந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது.